பில்லில் புரியாத ஒரு தொகையைக் கேட்டு எழுதுவது எப்படி?

"ஐயா, மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த உதிரிபாக பில்லில் 'பி அண்ட் எஃப்' என்று ஒரு தொகையும் 'ஃபிரைட்' என்று ஒரு தொகையும் போட்டிருக்கிறார்கள். எதற்கென்று தெரியவில்லை. முதலாளி கேட்டு எழுதச் சொல்கிறார். பல வருடப் பழக்கமுள்ள கடை. சண்டைக்குப் போவதுபோல் இல்லாமல், மழுப்பலாகவும் இல்லாமல் எப்படி எழுதுவது?"

ஏறத்தாழ இதே பில் 2023 டிசம்பரில் என் மேசைக்கும் வந்தது. அதை வைத்தே சொல்கிறேன். தொகைகளை மட்டும் கணக்குப் பார்க்க எளிதாக இருக்கும்படி முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

மார்கழியில் எங்கள் ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பது வழக்கம். தை பிறந்து சம்பா நெல் வர ஆரம்பித்துவிட்டால் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரைக் கழற்ற நேரம் கிடைக்காது. அதற்காக 12 ரப்பர் ரோல், 60 மீட்டர் எலிவேட்டர் பெல்ட், 240 பக்கெட் ஆகியவற்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். டிசம்பர் 18-ஆம் தேதியிட்ட பில்லில் ரோல் ஒன்று 1,800 ரூபாய் வீதம் 21,600, பெல்ட் மீட்டர் 400 வீதம் 24,000, பக்கெட் ஒன்று 60 வீதம் 14,400 என்று பொருள்களின் மதிப்பு 60,000 ரூபாயாக இருந்தது. விலை, எண்ணிக்கை எல்லாம் ஆர்டரின்படி சரி. அதற்குக் கீழே நான்காவது வரியாக "பி அண்ட் எஃப் 3 சதவீதம்" என்று 1,800 ரூபாயும், ஐந்தாவது வரியாக "ஃபிரைட் அண்ட் ஹேண்ட்லிங்" என்று 1,400 ரூபாயும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆக 63,200 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 11,376 சேர்ந்து பில் தொகை 74,576 ரூபாய்.

பி அண்ட் எஃப் என்பது பேக்கிங், ஃபார்வர்டிங் என்ற இரண்டின் சுருக்கம். பொருளைக் கட்டி, லாரி ஆபீஸ் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு அது. ஃபிரைட் என்பது அங்கிருந்து நம் ஊர் வரையிலான சரக்குக் கட்டணம். இரண்டும் வெவ்வேறு செலவுகள் என்றாலும், ஃபிரைட்டோடு "ஹேண்ட்லிங்" என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரும்போது, ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் இரண்டு வரிகளிலும் ஏறிவிட்டனவா என்ற ஐயம் நியாயமாகவே எழும்.

எழுத உட்காருமுன் நான்கு காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: அவர்கள் கொடுத்த கொட்டேஷன், நாம் அனுப்பிய ஆர்டர், லாரி ரசீது, குடோனில் இருக்கும் சரக்கு வரவுப் பதிவேடு. எங்கள் கொட்டேஷனின் கடைசி வரியில், விலை என்பது பேக்கிங் உட்பட, கோயம்புத்தூர் லாரி ஆபீஸில் சேர்ப்பிக்கும் வரைக்குமான விலை என்றும், லாரி வாடகை எங்களைச் சேர்ந்தது என்றும் தெளிவாக இருந்தது. லாரி ரசீதைப் பார்த்தால் அதில் "டு பே" என்று முத்திரை இருந்தது. சரக்கைப் பெறுகிறவர் வாடகை கொடுத்து எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். அனுப்பியவரே கட்டியிருந்தால் "பெய்ட்" என்று இருக்கும். 21-ஆம் தேதி மன்னார்குடி லாரி ஆபீஸில் வாடகையைக் கொடுத்துத்தான் நாங்கள் சரக்கை எடுத்தோம், ரசீதும் கையில் இருந்தது. ஃபிரைட் வரியைச் சரிபார்க்க இதைவிட நல்ல சான்று கிடையாது. பில்லில் ஃபிரைட் இருந்து, லாரி ரசீதில் "டு பே" என்றும் இருந்தால், ஒன்று வாடகை இரண்டு முறை வாங்கப்படுகிறது, அல்லது அந்த ஃபிரைட் வேறு ஏதோ ஓர் அனுப்புதலுக்கானது.

நான்காவது காகிதமான வரவுப் பதிவேட்டை அன்று நான் எடுத்துப் பார்க்கவில்லை. அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

காகிதங்களை வைத்துப் பார்த்த உடனே தெரியும், இந்த இரண்டு வரிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நான்காவது வரி, எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு நேர் எதிரானது. விலையில் பேக்கிங் அடங்கும் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டு, பேக்கிங்குக்குத் தனியாக 3 சதவீதம் போட்டிருக்கிறார்கள். இங்கே நமக்குச் சந்தேகம் இல்லை, திருத்தம்தான் வேண்டும். ஐந்தாவது வரி அப்படியல்ல. அது எதற்கான தொகை என்பதே நமக்குத் தெரியாது. தெரியாததைத் தவறு என்று எழுதுவதும், தவறு என்று தெரிந்ததைத் "தயவுசெய்து விளக்கவும்" என்று எழுதுவதும் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த இரண்டு பிழைகள். முதலாவது உறவைக் கெடுக்கும். இரண்டாவதுக்கு விளக்கம்தான் வருமே தவிர பணம் வராது. "பேக்கிங் அண்ட் ஃபார்வர்டிங் சார்ஜ் சார்" என்று மறுநாள் பதில் வந்தால், நாம் கேட்ட கேள்விக்கு அவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டார்கள் என்றுதான் ஆகும்.

ஆகவே ஒரே கடிதத்தில் இரண்டு பத்திகளாக, ஒன்றைக் கோரிக்கையாகவும் மற்றதைக் கேள்வியாகவும் எழுதினேன். கடிதம் இது:

"பொருள்: 18-12-2023 தேதியிட்ட தங்கள் பில் எண் 1147, வரி 4 மற்றும் 5 குறித்து.

ஐயா, வணக்கம். மேற்கண்ட பில்லில் 1 முதல் 3 வரையிலான வரிகள் எங்கள் ஆர்டரின்படி சரியாக உள்ளன. சரக்கும் குறைவின்றி வந்து சேர்ந்தது.

வரி 4, 'பி அண்ட் எஃப் 3 சதவீதம்', ரூ.1,800: தங்கள் கொட்டேஷனின் கடைசி வரியில், விலை பேக்கிங் உட்பட லாரி ஆபீஸில் சேர்ப்பிக்கும் வரை என்று குறிக்கப்பட்டுள்ளது. எனவே இத்தொகை தனியாக வந்திருக்க வேண்டியதில்லை என்று கருதுகிறோம். இந்த ரூ.1,800-க்கும் அதன் மீதான ஜிஎஸ்டி ரூ.324-க்கும் சேர்த்து ரூ.2,124-க்கு, இந்த பில் எண்ணைக் குறிப்பிட்டு, ஜிஎஸ்டி கிரெடிட் நோட் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வரி 5, 'ஃபிரைட் அண்ட் ஹேண்ட்லிங்', ரூ.1,400: லாரி ரசீது 'டு பே' என்று உள்ளது, வாடகையை நாங்கள் 21-12-2023 அன்று மன்னார்குடியில் செலுத்தினோம். இத்தொகை எந்த அனுப்புதலுக்கானது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அதற்கான ரசீதின் நகலை அனுப்பினால் உடனே ஏற்றுக்கொள்கிறோம். வேறு அனுப்புதல் எதுவும் இல்லையெனில், ஜிஎஸ்டியுடன் ரூ.1,652-ஐயும் அதே கிரெடிட் நோட்டில் சேர்க்கவும்.

ஐயமில்லாத தொகையான ரூ.70,800 வரும் புதன்கிழமை தங்கள் கணக்கில் செலுத்தப்படும். கொட்டேஷன், லாரி ரசீது, வாடகை ரசீது ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் சில இடங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சரியான வரிகளை முதலில் சரி என்று எழுதியது மரியாதைக்காக மட்டும் அல்ல. பில்லில் எதைத் தொடுகிறோம், எதைத் தொடவில்லை என்று அங்கே பில் போடுகிற பையனுக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். பல பில்களில் பொருள் வரிகளுக்கு மட்டுமே எண் இருக்கும். கீழே கூட்டலுக்குப் பக்கத்தில் வரும் கூடுதல் தொகைகளுக்கு எண் இருக்காது. அப்போது பில்லில் அச்சாகியிருக்கும் சொல்லை எழுத்து மாறாமல் எழுதி, பக்கத்தில் தொகையையும் போடுங்கள். "பேக்கிங் செலவு" என்று நீங்கள் விரித்து எழுதினால், அவர்கள் கணினியில் அந்தப் பெயரில் ஒன்றுமே இருக்காது.

"தவறாகப் போட்டுவிட்டீர்கள்" என்று எழுதாமல் "வந்திருக்க வேண்டியதில்லை என்று கருதுகிறோம்" என்று எழுதியது பணிவாகத் தோன்றலாம், ஆனால் பெரும்பாலும் உண்மையும் அதுதான். பி அண்ட் எஃப் சதவீதம் பல கடைகளில் பில் போடும் மென்பொருளிலேயே பதிந்திருக்கும். எந்த பில் போட்டாலும் தானாக ஏறிக்கொள்ளும், கொட்டேஷனைப் பார்த்து அதை நீக்க வேண்டியது ஒரு மனிதரின் வேலை. சதவீதக் கணக்கில் வரும் பேக்கிங் தொகையைக் கண்டாலே கொட்டேஷனைத் திறந்து பாருங்கள். அட்டைப் பெட்டியும் சாக்கும் கட்டுக்கூலியும் பொருளின் விலைக்கு ஏற்பக் கூடுவதில்லை. ஆனால் கொட்டேஷனிலேயே "பி அண்ட் எஃப் 3 சதவீதம் தனி" என்று இருந்து, நாம் மறுக்காமல் ஆர்டர் கொடுத்திருந்தால், அது அதிகம் என்று இப்போது சொல்ல நமக்கு இடமில்லை. அடுத்த ஆர்டரில்தான் பேச முடியும்.

ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டி, விற்கும்போது கட்ட வேண்டியதில் கழியும் உள்ளீட்டு வரவாக எப்படியும் திரும்பி வந்துவிடும், அடிப்படைத் தொகையை மட்டும் கேட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். அரிசி ஆலைக்கு அது பொருந்தாமல் போகலாம். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்குத்தான் 5 சதவீத வரி. 26 கிலோ மூட்டைகள் கடைகளுக்கு வந்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். வரியில்லாத விற்பனைக்காக வாங்கிய பொருளின் வரியை வரவாக எடுக்க முடியாது. அப்படி விற்கும் ஆலைக்கு அந்த 324 ரூபாய் முழுச் செலவு.

இன்னொரு தவறான கேள்வியையும் தவிர்த்துவிடுங்கள். "ஃபிரைட்டுக்கு எதற்கு 18 சதவீதம், லாரிக்கு 5 சதவீதம்தானே?" என்று சிலர் கேட்டு எழுதுவார்கள். பொருளை விற்பவரே அந்தப் பொருளோடு சேர்த்துத் தம் பில்லில் பேக்கிங், சரக்குக் கட்டணம் போன்றவற்றை வாங்கினால், ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி அவை பொருளின் மதிப்போடு சேரும். பொருளுக்குரிய வரியே அவற்றுக்கும் வரும். இதைத் தவறு என்று எழுதினால், அதே கடிதத்தில் இருக்கும் சரியான கேள்வியின் எடையும் குறைந்துபோகும். கடைசியில் வரும் 38 பைசா "ரவுண்ட் ஆஃப்" பற்றிக் கேட்பதும் அப்படித்தான்.

ஐயமில்லாத தொகையைக் குறிப்பிட்டு, நாள் சொல்லி, அந்த நாளில் கொடுத்துவிடுவது எங்கள் ஆலையின் வழக்கம். முழு பில்லையும் நிறுத்தி வைத்தால் திருத்தம் சீக்கிரம் வரும் என்று எங்கள் முதலாளியின் தம்பி வாதிடுவார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2,124 ரூபாய்க்காக 74,000 ரூபாயை நிறுத்தினால் பேச்சு வரி 4-ஐ விட்டு விலகி, "பேமெண்ட் எப்போது" என்பதற்குப் போய்விடும். அதோடு, பொருளைக் கொடுத்தவர் சிறு, குறு உற்பத்தியாளராகப் பதிவு பெற்றவரென்றால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது; பேசாவிட்டால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சரக்கை ஏற்பது பற்றி ஆட்சேபம் இருந்தால் அது வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நம்முடையது சரக்கைப் பற்றிய ஆட்சேபம் அல்ல, தொகையைப் பற்றியது. ஆனாலும் அந்த 15 நாளை நான் எல்லாக் கேள்விகளுக்கும் கெடுவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். 22-ஆம் தேதியே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அனுப்பியதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி தெரிவித்தேன். பில்லைப் படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "சார் இது என்ன?" என்று வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவது விற்பனைப் பிரதிநிதியின் கைப்பேசியோடு நின்றுவிடும்; கணக்குப் பிரிவுக்குப் போகாது.

26-ஆம் தேதி பதில் வந்தது. வரி 4 பற்றி இரண்டே வரி: மென்பொருளில் தானாக ஏறிவிட்டது, கிரெடிட் நோட் அனுப்புகிறோம். வரி 5-க்கு ஒரு பேருந்து பார்சல் ரசீதும் ஒரு குட்டியானை வாடகைச் சீட்டும் இணைத்திருந்தார்கள். எங்கள் ஃபிட்டர் 18-ஆம் தேதி மாலை அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உமி நீக்கும் ஷெல்லரைத் திறந்து போட்டிருக்கிறோம், ரப்பர் ரோலை மட்டும் இரவுப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ரோல்கள் 19-ஆம் தேதி காலையே வந்துவிட்டன. வரவுப் பதிவேட்டில் அது அழகாக எழுதியும் இருந்தது: 19-ஆம் தேதி ரோல் 12, 21-ஆம் தேதி பெல்ட், பக்கெட். நான்காவது காகிதத்தைப் பார்க்காமல் நான் எழுதியதன் விளைவு இது. ஒரே பில்லின் சரக்கு பதிவேட்டில் இரண்டு தேதிகளில் ஏறியிருந்தால், ஃபிரைட் வரிக்கு நம் பக்கத்திலேயே விடை இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பத்தியைக் கேள்வியாக எழுதியிருந்ததால், மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வரவில்லை. "விளங்கியது, ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதி 1,652 ரூபாயை அன்றே அனுப்பிவிட்டேன். ஆக மொத்தம் கொடுத்தது 72,452 ரூபாய். ஃபிட்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்: அவசரத்துக்கு யாரிடம் எதைக் கேட்டாலும் கணக்குக்கு ஒரு துண்டுச் சீட்டு வர வேண்டும்.

திருத்தம் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பில்லில் பேனாவால் அடித்து எழுதிக் கொடுப்பதும், அதே எண்ணில் தொகை மாற்றிய இன்னொரு பில் அனுப்புவதும் பழைய பழக்கங்கள். அவர்கள் அந்த பில்லை ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றியிருந்தால் இரண்டு பக்கமும் பொருந்தாமல் நிற்கும். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அந்தத் தளத்தில் ஒரு பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம் மட்டுமே உண்டு. சரக்கு மன்னார்குடிக்கு வந்து சேர்வதற்குள் அது கழிந்துவிடும். பிறகு இருக்கும் ஒழுங்கான வழி, ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படியான கிரெடிட் நோட். அதில் நம் ஜிஎஸ்டி எண், மூல பில்லின் எண், தேதி, குறையும் மதிப்பு, குறையும் வரி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு முதலில் வந்த கிரெடிட் நோட்டில் 1,800 ரூபாய் மட்டுமே இருந்தது. ஜிஎஸ்டிக்கான இடம் காலியாக இருந்தது. இப்படிப்பட்டது லெட்ஜரில் பாக்கியைக் குறைக்கும் வியாபாரக் கிரெடிட் நோட். வரி அவர்கள் கட்டியபடியே இருக்கும், 324 ரூபாய் நம் தலையில் நிற்கும். மறுபடி நீண்ட கடிதம் எதுவும் எழுதவில்லை. "பில் எண் 1147-க்கான தங்கள் கிரெடிட் நோட்டில் மதிப்பு ரூ.1,800 மட்டும் உள்ளது. மத்திய ஜிஎஸ்டி ரூ.162, மாநில ஜிஎஸ்டி ரூ.162 விடுபட்டுள்ளன, இவற்றையும் சேர்த்து ரூ.2,124-க்கு மாற்றித் தரவும்" என்று ஒரே வாக்கியம். ஜனவரி முதல் வாரத்தில் சரியானது வந்தது. அதன் எண்ணை மூல பில்லின் முகப்பிலேயே எழுதி, இரண்டையும் சேர்த்துத் தைத்து வைத்தேன். வராமல் இழுத்தடித்தால், வரியுடன் கூடிய கிரெடிட் நோட்டைத் தங்கள் கணக்கில் காட்ட அவர்களுக்கு உள்ள கெடு, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30. அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கு தாக்கலாகிவிட்டால் அந்த நாளோடு சரி. மார்ச் இறுதியில் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பும்போதே இந்தத் தொகையைத் தனி வரியாகக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.